உள்ளகக் குழு: புகார் வந்த நாள் முதல் 90-ஆம் நாள் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், கோவைப் பக்கம் சில பனியன் கம்பெனிகளில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் வெளி உறுப்பினராக இருக்கிறேன். ஆடிட் வரப்போகிறது என்றதும் ஹெச்.ஆர். ஆட்கள் போன் போட்டுக் கேட்கும் கேள்விகள் ஒரு ரகம். புகார் ஒன்று நிஜமாகவே வந்து மேஜையில் உட்கார்ந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கேட்பவை இன்னொரு ரகம். இங்கே இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் ரகம்தான்.

விளக்க வசதிக்காக ஒரு புகாரை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இழுத்துக்கொண்டு போகிறேன். 140 பேர் வேலை செய்யும் ஒரு யூனிட். செக்கிங் பிரிவில் ஒரு பெண். அவருடைய லைன் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று இடுப்பில் கை வைக்கிறார், இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறார், "ஓவர்டைம் வேணும்னா கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்கிறார். இது எந்த ஒரு கம்பெனியின் கதையும் இல்லை. பல இடங்களில் பார்த்ததைச் சேர்த்து நானே கட்டியது.

எங்ககிட்ட மொத்தமே 14 பேர்தான், அதுல பொம்பளைங்க மூணு பேர். எங்களுக்கும் கமிட்டி வேணுமா?

வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், அதாவது எல்லாரும் 'போஷ்' என்று சொல்கிற 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களை மட்டும் எண்ணச் சொல்லவில்லை. ஆணும் பெண்ணுமாக மொத்தம் 10 பேர் இருந்தாலே குழு அமைக்க வேண்டும். கான்ட்ராக்ட் ஆள், அப்ரண்டிஸ், தினக்கூலி எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். ஆபீஸ் ஒரு இடம், தையல் யூனிட் இன்னொரு இடம் என்றால் இரண்டுக்கும் தனித்தனிக் குழு. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்துப் பெண்கள் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய சுற்றறிக்கைகளில் 'உள்ளகப் புகார்க் குழு' என்று இருக்கும், இன்னும் பலர் 'ஐசிசி' என்றுதான் சொல்கிறார்கள். 2016-இல் சட்டத்தைத் திருத்திப் 'புகார்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். புது போர்டு எழுதும்போது 'உள்ளகக் குழு' என்றே எழுதுங்கள். கிரிக்கெட் ஐசிசியோடு வரும் குழப்பமும் இருக்காது.

ஹெச்.ஆர். மேடம், எம்.டி.யோட சம்சாரம், அக்கவுண்ட்ஸ் சார், அப்புறம் நீங்க. நாலு பேர் போதும்ல?

எண்ணிக்கைக்குப் போதும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் நான்குதான்: தலைமை ஏற்க மூத்த பதவியில் இருக்கும் ஒரு பெண், ஊழியர்களில் இரண்டு பேர், வெளியிலிருந்து ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். ஒரே ஆளை 3 ஆண்டுக்கு மேல் நியமிக்க முடியாது.

ஆனால் நாலு பேரோடு நிறுத்தினால் முதல் புகாரிலேயே மாட்டிக்கொள்வீர்கள். விசாரணைக்கு உட்கார தலைமை அலுவலர் உட்படக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். நம் கதையில் அக்கவுண்ட்ஸ் சாரும் அந்தச் சூப்பர்வைசரும் ஒரே ஊர்க்காரர்கள், சம்பந்தி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் விலகியே ஆக வேண்டும். மிச்சம் மூன்று பேர். அதில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைய விசாரணை இல்லை. ஆறு பேரைப் போடுங்கள். ஒருவராவது தையல் அல்லது செக்கிங் லைனிலிருந்து வரட்டும், ஆபீஸ் ரூம் ஆட்களாகவே இருக்க வேண்டாம். ஏசி ரூம் கதவைத் தட்டிப் புகார் சொல்கிற டைலரை நான் இதுவரை பார்த்ததில்லை. பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடம்தான் முதலில் வாயைத் திறப்பார்கள்.

எம்.டி.யின் மனைவி சம்பளப் பட்டியலில் இருக்கும் ஊழியராக இருந்தால் சட்டம் தடுக்கவில்லை. நான் இருக்கும் குழுக்களில் வேண்டாம் என்றே சொல்வேன். அறிக்கை கடைசியில் போய்ச் சேர்வது எம்.டி.யிடம். அதை எழுதுகிறவரே அவர் வீட்டு ஆள் என்றால் தோற்ற தரப்பு அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

வெளி உறுப்பினராகப் பெண்களுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தவரோ இந்த விஷயம் தெரிந்தவரோ வர வேண்டும். கம்பெனி வக்கீலைப் போடாதீர்கள். நாளைக்கு அந்தப் புகார் கோர்ட்டுக்குப் போனால் உங்களுக்காக வாதாடப்போவது அவர்தான். விதிப்படி வெளி உறுப்பினருக்கு ஒரு நாள் படி 200 ரூபாய். சிரிக்காதீர்கள், விதியில் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு மேல் பேசிக்கொள்வது உங்கள் விருப்பம்.

எல்லாம் முடிவானதும் முதலாளி கையெழுத்திட்ட நியமன உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். அதில் தேதி வேண்டும். புகார் வந்த பிறகு முன்தேதியிட்டு உத்தரவு தயாரிக்கும் வேலையை யாராவது யோசனையாகச் சொன்னால், மொத்த விசாரணையும் அந்த ஒரு தாளில் உடையும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஒடிசா, பீகார் பிள்ளைங்க பாதிக்கு மேல இருக்காங்க. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போர்டு வெச்சிருக்கோம், போதுமா?

அவர்கள் படிக்கும் மொழியிலும் வையுங்கள். போர்டைக் காட்டிலும் பெரிய சிக்கல் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பெண்களைக் கூட்டிவந்த ஏஜென்டையோ ஹாஸ்டல் வார்டனையோ கூப்பிட்டு "என்ன சொல்றான்னு கேளு" என்றால் ராத்திரிக்குள் அவள் ஊர் வரைக்கும் செய்தி போய்விடும். வேறு யூனிட்டிலிருந்தோ வெளியிலிருந்தோ ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். விஷயத்தை வெளியில் சொல்ல மாட்டேன் என்று எழுதி வாங்குங்கள். வாக்குமூலம் அவள் மொழியில் ஒரு பிரதி, தமிழில் ஒரு பிரதி, இரண்டிலும் கையெழுத்து.

அந்தப் பொண்ணு வாய்ல சொல்லுது, எழுதித்தர பயப்படுது. என்ன செய்ய?

விசாரணை தொடங்க எழுத்துப் புகார் கட்டாயம். ஆனால் எழுத உதவுவது குழுவின் கடமை. அவர் சொல்லச் சொல்ல ஓர் உறுப்பினர் எழுதலாம். அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று நாம் நாகரிகமாக மாற்றி எழுதுவது அவருக்குத்தான் கெடுதல். எங்கே கை வைத்தார், எந்தப் பக்கம் நின்றார், என்ன சொன்னார், அப்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா, டீ நேரமா, இதெல்லாம்தான் பிறகு சரிபார்க்க முடிகிற விஷயங்கள்.

கெடு மூன்று மாதம். ஒரே சம்பவமென்றால் அன்றிலிருந்து, திரும்பத் திரும்ப நடந்திருந்தால் கடைசியாக நடந்ததிலிருந்து. வர முடியாமல் போனதற்குக் காரணம் இருந்தால் அதை எழுதிவைத்துக் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம்.

இன்றைக்கு எழுத மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். நம் கதையில் அந்தப் பெண் முதலில் திரும்பிப் போய்விட்டார், 9 நாள் கழித்து வந்தார். கடைசி சம்பவம் ஜூன் 12. அவர் எழுதித் தந்தது ஜூலை 1, செவ்வாய்க்கிழமை.

புகார் கைக்கு வந்தாச்சு. அன்னைக்கே செய்ய வேண்டியது என்ன?

தேதியும் நேரமும் போட்டுப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கொடுங்கள். அடுத்தது கேமரா. பல டிவிஆர்கள் 15 நாளிலோ 30 நாளிலோ பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். ஜூன் 12 சம்பவத்துக்கு ஜூலை 1 என்பது 19-ஆம் நாள். 30 நாள் டிவிஆராக இருந்தால் தப்பித்தோம். "ஆற அமர அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விட்டதால் பதிவு போன கதை எனக்கே நடந்திருக்கிறது, அதிலிருந்து முதல் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுகிறேன்.

இங்கேதான் ரகசியமும் முதலில் கசியும். "ஜூன் 12, மதியம் 3 மணி, செக்கிங் டேபிள் கேமரா" என்று கேட்டால் டிவிஆர் பார்க்கும் பையனுக்கு விஷயம் பாதி புரிந்துவிடும். அதனால் ஜூன் 10 முதல் 14 வரை அந்தத் தளத்துக் கேமராக்கள் எல்லாவற்றின் பதிவையும் ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றித் தரச் சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டாம். வாங்கி உறையில் போட்டு, ஒட்டி, இரண்டு உறுப்பினர்கள் மேலே கையெழுத்திடுங்கள். வருகைப் பதிவு, ரிஜெக்ட் நோட்டு, ஓவர்டைம் பட்டியல் எல்லாம் அதே மாதிரி மொத்தமாக ஒரு மாதத்துக்கு நகல் எடுங்கள்.

ரகசியம்னு சொல்றீங்க. யாருக்கெல்லாம் தெரியலாம்?

குழு உறுப்பினர்களுக்கு. புகாருக்கு உள்ளானவருக்கு. ஒவ்வொரு சாட்சிக்கும் அவர் பார்த்த பகுதி மட்டும். முதலாளிக்கு இடைக்கால நிவாரணத்தை நிறைவேற்றத் தேவையான அளவும், கடைசியில் அறிக்கையும். இவ்வளவுதான். புகாரில் என்ன இருக்கிறது என்பதும், புகார் தந்தவர், எதிர்த்தரப்பு, சாட்சி ஆகியோரின் அடையாளமும், விசாரணையும், பரிந்துரையும் வெளியில் போகக்கூடாது என்கிறது சட்டத்தின் 16-ஆம் பிரிவு. புகாரைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர் மீறினால் பணி விதிப்படி நடவடிக்கை, அப்படி விதி இல்லாத இடத்தில் 5,000 ரூபாய் அபராதம்.

எதிர்த்தரப்பின் பெயருக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முடிவு வராத நிலையில் அவரைப் பற்றி லைனில் பேச்சு பரவினால் அதுவும் மீறல்தான்.

யாரும் வேண்டுமென்று சொல்லி ரகசியம் உடைந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. சின்னச் சின்ன விஷயத்தில்தான் உடையும். மைக்கில் பேர் சொல்லி "ஆபீஸ் ரூமுக்கு வரவும்" என்று கூப்பிடுவது. புகாரைப் பொது பிரிண்டரில் அச்செடுப்பது. 'செக்கிங் புகார் ஜூலை' என்று பெயர் வைத்த கோப்பை எல்லாரும் திறக்கும் கணினியில் போடுவது. குழுவுக்கென்று வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, அதில் நாலு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப்போன பழைய உறுப்பினர் இன்னும் இருப்பது. ஆகவே கோப்புக்கு எண் மட்டும் போடுங்கள். குறிப்பு எழுதும்போது புகார்தாரர், எதிர்த்தரப்பு, சாட்சி 1, சாட்சி 2 என்றே எழுதி, யார் யார் என்ற தாளைத் தனி உறையில் தலைமை அலுவலர் வைத்துக்கொள்ளட்டும்.

சாட்சியைக் கூப்பிடுவதுதான் கடினம். பீஸ் ரேட்டில் இருக்கும் பெண் ஒரு மணி நேரம் எழுந்து போனால் மொத்த லைனும் கவனிக்கும். இதற்கு ஒரு வழி சொல்கிறேன், அது புகார் வருவதற்கு முன்பே செய்ய வேண்டியது. மாதம் ஒரு நாள் குழு உட்கார்ந்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இரண்டு மூன்று பேரை முறைவைத்துக் கூப்பிட்டுக் குறை கேட்பது. அது பழகிவிட்டால் குழு அறைக்கு யார் போனாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். போய்வந்த நேரத்துக்குச் சராசரிக் கூலி கொடுத்துவிட வேண்டும், சாட்சி சொன்னதால் கூலி போச்சு என்று இருக்கக்கூடாது.

புகார் காப்பியை அந்த ஆள்கிட்டயே கொடுக்கணுமாமே? அப்ப ரகசியம் எங்க இருக்கு?

கொடுத்தே ஆக வேண்டும். தன் மேல் என்ன குற்றச்சாட்டு என்று தெரியாமல் ஒருவரால் பதில் சொல்ல முடியாது. ரகசியம் என்பது வெளியாட்களிடமிருந்து காப்பது. விசாரிக்கப்படுகிறவரிடமிருந்து குற்றச்சாட்டை மறைத்தால் அது நியாயமான விசாரணை இல்லை.

விதியில் நாள் கணக்கு இருக்கிறது. புகார் வந்த 7 வேலை நாளுக்குள் நகல் போக வேண்டும். அவர் 10 வேலை நாளுக்குள் பதிலும், தன் ஆவணங்களும், சாட்சிகள் பட்டியலும் தர வேண்டும். ஞாயிறு மட்டும் விடுமுறை உள்ள நம் யூனிட்டில் ஜூலை 1 புகாருக்கு நகல் கொடுக்கக் கடைசி நாள் ஜூலை 9. அன்று அவர் பெற்றுக்கொண்டால் பதிலுக்குக் கடைசி நாள் ஜூலை 21. நேரில் தனியாகக் கூப்பிட்டு, மூடிய உறையில் கொடுத்து, கையெழுத்து வாங்குங்கள். லைனில் போய்க் கொடுக்காதீர்கள்.

நான் பழகிவிட்ட ஒரு ஏற்பாடு: எல்லாருடைய போன் நம்பரையும் வீட்டு விலாசத்தையும் புகாருக்குள் எழுதாமல் தனித் தாளில் வாங்குவது. சாட்சியின் பெயர் அவருக்குத் தெரிய வேண்டும், அவள் எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்பது தெரிய வேண்டியதில்லை. உறையைக் கொடுக்கும்போதே, புகார்தாரரையோ சாட்சிகளையோ நேராகவும் ஆள் விட்டும் தொடர்புகொள்ளக்கூடாது என்று எழுதிய கடிதத்திலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

விசாரணை முடியறவரைக்கும் ரெண்டு பேரும் ஒரே லைன்ல இருக்கணுமா?

இருக்க வேண்டாம். புகார்தாரர் எழுதிக் கேட்டால் இடமாற்றத்தையோ, மூன்று மாதம் வரை விடுப்பையோ குழு பரிந்துரைக்கலாம். அந்த விடுப்பு அவருடைய வழக்கமான விடுப்புக் கணக்கில் கழியாது. அவருடைய வேலையை எதிர்த்தரப்பு மதிப்பிடக்கூடாது என்றும் சொல்லலாம். நம் கதையில் ரிஜெக்ட் எண்ணிக்கையை எழுதுவதும் ஓவர்டைம் ஆள் எடுப்பதும் அந்தச் சூப்பர்வைசர்தான், அதனால் அந்த இரண்டு வேலையும் வேறு ஒருவர் கைக்கு மாறுகிறது.

"பாதுகாப்புக்காக" என்று சொல்லிப் பெண்ணைத்தான் முதலில் வேறு யூனிட்டுக்கு மாற்றுவார்கள். பஸ் மாறி ஏற வேண்டும், கூலி குறையும், ஏன் மாற்றினார்கள் என்று ஊரே கேட்கும். அவரே கேட்டாலொழிய அதைச் செய்யாதீர்கள். மாற்றுவதாக இருந்தால் சூப்பர்வைசரை மாற்றுங்கள், அது தண்டனை இல்லை என்று உத்தரவில் தெளிவாக எழுதுங்கள்.

ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, ஒரு மன்னிப்பு, கொஞ்சம் பணம்னு முடிச்சா நல்லதில்லையா? பொண்ணு பேரும் கெடாது.

சமரசம் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டியது புகார்தாரர், அதுவும் விசாரணை தொடங்கும் முன். குழு அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யக்கூடாது என்று பிரிவிலேயே எழுதியிருக்கிறது. "பொண்ணு பேர் கெடும்" என்பதை அந்தப் பெண் சொல்லி நான் கேட்டதைவிட மற்றவர்கள் சொல்லித்தான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

விசாரணையில ரெண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்தணுமா? குறுக்குக் கேள்வி கேட்க விடணுமா?

கேள்வி கேட்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும், நேருக்கு நேர் நிறுத்த வேண்டியதில்லை. நாங்கள் செய்வது இப்படி. புகார்தாரரின் வாக்குமூலத்தைப் பதிந்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி, நகலை எதிர்த்தரப்புக்குக் கொடுப்போம். அவர் கேட்க நினைக்கும் கேள்விகளை எழுதித் தருவார். குழு அதைப் பார்த்து, நடந்த விஷயத்தோடு சம்பந்தமானவற்றைப் புகார்தாரரிடம் கேட்கும். "உனக்கும் இன்னொருத்தனுக்கும் பழக்கம் உண்டா" மாதிரியான கேள்விகள் நிற்கும் இடத்திலேயே தள்ளப்படும். ஏன் தள்ளினோம் என்று கோப்பில் ஒரு வரி எழுதுவோம். பதில்கள் எழுத்தில் எதிர்த்தரப்புக்குப் போகும். பிறகு அவருடைய சாட்சிகளிடம் புகார்தாரரும் இதே வழியில் கேட்கலாம். வக்கீலை இரு தரப்பும் கொண்டுவரக்கூடாது.

ஒரு தரப்பு மூன்று முறை தொடர்ந்து காரணமில்லாமல் விசாரணைக்கு வராமலிருந்தால் அவர் இல்லாமலே முடிவெடுக்கலாம். ஆனால் அதற்கு முன் எழுத்தில் 15 நாள் நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்த்த கோவா பல்கலைக்கழக வழக்கைப் பார்க்கலாம். குழு அடுத்தடுத்து தேதி போட்டு விசாரணையை ஓட்டியது. தன் தரப்பை நிரூபிக்கப் போதிய வாய்ப்பு புகாருக்கு உள்ளான ஆசிரியருக்குக் கிடைக்கவில்லை என்று அவருடைய பணிநீக்கத்தை நீதிமன்றம் ரத்து செய்து, திரும்ப விசாரிக்க அனுப்பியது. 2009-இல் நடந்த விசாரணை அது. புகார் தந்தவர்கள் அத்தனை ஆண்டு காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து. எதிர்த்தரப்புக்கு அவகாசம் கொடுப்பது அவருக்குக் காட்டும் சலுகை என்று நினைக்கும் உறுப்பினர்களிடம் இந்த வழக்கைத்தான் சொல்வேன்.

யாருமே பார்க்கலைங்க. அவ சொல்றா, அவன் இல்லைங்கறான். எப்படி முடிவு பண்றது?

கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணம் தேவையில்லை. இரண்டு தரப்பையும் தராசில் வைத்தால் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் கேள்வி. தனியாக நடந்த விஷயத்தைச் சுற்றிலும் எப்போதும் ஏதாவது தடயம் இருக்கும்.

நம் கதையில் சூப்பர்வைசரின் பதில் இது: "வேலையில் ரிஜெக்ட் அதிகம், திட்டினேன், அந்தக் கோபத்தில் புகார் கொடுத்திருக்கிறாள்." ஏற்கக்கூடிய வாதம்தான், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ரிஜெக்ட் நோட்டில் மே மாதம் முழுக்க அந்தப் பெண்ணின் எண்ணிக்கை லைன் சராசரியை ஒட்டியே இருக்கிறது. ஜூன் 5-ஆம் தேதி முதல் எகிறுகிறது. எழுதியது சூப்பர்வைசர் கையெழுத்து. குரல் செய்திகள் மே 27, 29, ஜூன் 2, 3. பதில் எதுவும் போகவில்லை. ஜூன் 4-ஆம் தேதி அந்தப் பெண் அந்த எண்ணைத் தடை செய்திருக்கிறார். ஆக, திட்டியதால் புகார் வரவில்லை, தடை செய்த மறுநாளிலிருந்துதான் ரிஜெக்ட் ஏறியிருக்கிறது. ஓவர்டைம் பட்டியலிலும் அதே வாரத்தில் அந்தப் பெண்ணின் பெயர் வராமல் போயிருக்கிறது.

குரல் செய்தியை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வாங்காதீர்கள். போனைக் குழு முன் திறந்து, எண், தேதி, நேரம் தெரியும்படி பார்த்து, கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை எழுதி, எல்லாரும் கையெழுத்திடுங்கள். எதிர்த்தரப்புக்கும் அதைப் போட்டுக் காட்டுங்கள். அவர் "என் குரல் இல்லை" என்கிறாரா, "வேறு அர்த்தத்தில் சொன்னேன்" என்கிறாரா என்பதே ஒரு தகவல்.

இடுப்பில் கை வைத்தது கேமராவில் விழவில்லை, தூண் மறைக்கிறது. பக்கத்து டேபிள் ஹெல்பர் கை வைத்ததைப் பார்க்கவில்லை, ஆனால் இவர் சட்டென்று விலகியதையும் அன்று சாயந்தரம் கழிவறையில் அழுததையும் பார்த்திருக்கிறார். கை வைத்த சம்பவத்தை இது மட்டுமே நிறுவாது. செய்திகளும் நோட்டும் சேரும்போது தராசு ஒரு பக்கம் சாய்கிறது.

நிரூபிக்க முடியலைன்னா அந்தப் பொண்ணு மேல பொய்ப் புகார்னு நடவடிக்கை எடுக்கலாமா?

முடியாது. நிரூபிக்க முடியாத புகார் வேறு, பொய்ப் புகார் வேறு. கெட்ட எண்ணத்தோடு, பொய் என்று தெரிந்தே கொடுத்தார் என்பதைத் தனியாக விசாரித்து நிறுவினால்தான் 14-ஆம் பிரிவு வரும். இந்தப் பிரிவைப் பெரிய எழுத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்த யூனிட் ஒன்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு புகாரும் வரவில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள்.

அறிக்கையை எழுதி எம்.டி. கையில கொடுத்துட்டா முடிஞ்சுதா?

அதற்கு முன் ஒரு படி இருக்கிறது, பத்தில் எட்டுக் குழு அதை விட்டுவிடுகிறது என்பது என் அனுபவம். இரு தரப்பும் ஊழியர்கள் என்றால், குழு என்ன கண்டறிந்தது என்பதை இருவருக்கும் கொடுத்து, அதன்மேல் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். வந்த ஆட்சேபத்தைப் படித்து, ஏற்றோமா இல்லையா, ஏன் என்று எழுதிய பிறகுதான் இறுதி அறிக்கை.

விசாரணைக்கு மொத்தம் 90 நாள். புகார் கிடைத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம். ஜூலை 1 புகார் என்றால் செப்டம்பர் 29. ஆட்சேபத்துக்கு ஒரு வாரமாவது கொடுக்க வேண்டும் என்று பார்த்தால், கண்டறிந்ததை செப்டம்பர் நடுவிலேயே எழுதி முடித்திருக்க வேண்டும். முடித்த 10 நாளில் அறிக்கை முதலாளிக்கும் இரு தரப்புக்கும் போகும். அதன்பின் 60 நாளுக்குள் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். திருப்தி இல்லாதவர் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அறிக்கையில் "புகார் நிரூபணமானது" என்ற ஒரு வரி போதாது. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனியாக எழுதுங்கள். நம் கதையில் செய்திகள் நிரூபணம், ஓவர்டைமை வைத்து மிரட்டியது நிரூபணம், இடுப்பில் கை வைத்தது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மூன்று தனி முடிவுகள், மூன்று தனிக் காரணங்கள். பரிந்துரை எழுத்து மன்னிப்பிலிருந்து ஊதிய உயர்வை நிறுத்துவது, பணிநீக்கம் வரை போகலாம். அவர் சம்பளத்திலிருந்து பிடித்துப் பெண்ணுக்கு இழப்பீடும் தரச் சொல்லலாம், இவர் இழந்த ஓவர்டைம் கூலி அதில் கணக்கு வரும்.

எம்.டி. அறிக்கையைக் கொஞ்சம் மென்மையா மாத்தித் தரச் சொல்றார். நல்ல சூப்பர்வைசராம்.

மாற்றக்கூடாது. கேட்டதையும் கோப்பில் தேதியோடு எழுதுங்கள், வாய்மொழியாகக் கேட்டிருந்தாலும். எம்.டி. மேலேயே புகார் என்றால் உள்ளகக் குழுவுக்கு வேலையே இல்லை, மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

இது நடக்கும்போதே அந்தப் பொண்ணு போலீஸுக்கும் போகலாமா?

போகலாம். குழு விசாரணையும் போலீஸ் வழக்கும் தனித்தனிப் பாதை, ஒன்று நடந்தால் மற்றது நிற்காது. அவர் போக விரும்பினால் உதவுவது முதலாளியின் கடமை. "உள்ளேயே முடிச்சுக்கலாம்" என்று யாரும் சொல்லக்கூடாது. பெண்கள் உதவி எண் 181-ஐப் புகார் வாங்கிய அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிஞ்ச பிறகு கோப்பை என்ன செய்யறது?

உறையில் போட்டு, ஒட்டி, கையெழுத்திட்டு, பூட்டும் அலமாரியில் வையுங்கள். சாவி தலைமை அலுவலரிடம். அவர் வேலையை விட்டால் அடுத்தவர் எழுதிக் கையெழுத்திட்டுப் பெற வேண்டும். ஊழியரின் வழக்கமான பர்சனல் பைலில் இதில் ஒரு தாளும் போகக்கூடாது, நடவடிக்கை உத்தரவு மட்டும் சூப்பர்வைசரின் பைலுக்குப் போகும். ஆண்டு முடிவில் தரும் அறிக்கையில் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை 90 நாளைத் தாண்டி நிற்கிறது, எத்தனை பயிலரங்கு நடந்தது, என்ன நடவடிக்கை என்பதை மட்டும் எழுதுவோம், பெயர் வராது. 140 பேர் உள்ள இடத்தில் 'செக்கிங் பிரிவு – 1' என்று எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும், அதனால் பிரிவும் வராது.

அந்தப் பெண்ணின் ஓவர்டைம் பட்டியலையும் ரிஜெக்ட் நோட்டையும் நான் இன்னும் ஆறு மாதம் மாதாமாதம் வாங்கிப் பார்ப்பேன்.